பார்த்துக்கொள்பவள்: பூட்டிய வீடுகளின் வரலாறு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் என் கைப்பேசிக்குப் பதினான்கு படங்கள் வந்துவிடும். தெருக்கதவு, கூடம், சாமி அறை, கழிப்பறை, மொட்டைமாடியின் மழைநீர்த் துவாரம், மின்மீட்டர், கிணறு, மோட்டார் கொட்டகை, பிறகு நிலத்தின் நான்கு மூலைகளும் சாலையோர வேலியும். கடைசியாகக் கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையே ஒரு கிராமத்தில், என் பெரியம்மா மகளின் வீடும் நிலமும் அவை. அக்கா பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். படம் எடுத்து அனுப்பும் அம்மாவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. காலை வெயில் சாய்வாக விழும் மாதங்களில் மட்டும் கிணற்றடிப் படத்தில் அவருடைய நிழல் தெரியும்.

தமிழ் இலக்கியம் படித்தவளுக்குப் பட்டாவும் வில்லங்கமும் எதற்கு என்று கல்லூரியில் கேட்பார்கள். அக்காவின் நிலத்தில் ஒரு துண்டு கைவிட்டுப் போன பிறகுதான் நான் இவற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீட்டையும் நிலத்தையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற வரலாற்றில் இரண்டு விதமான ஆட்கள் இருப்பது தெரிந்தது. பத்திரத்தில் பெயர் உள்ளவர்கள் ஒரு விதம். துடைப்பமும் சாவியும் கையில் உள்ளவர்கள் இன்னொரு விதம்.

திண்டிவனம், விழுப்புரம் பகுதியிலிருந்து கடல் தாண்டிப் போவது புதிதல்ல. பக்கத்திலேயே புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சியின்போது அங்கிருந்து ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் உண்டு. சைகோனுக்குக் காவலர்களாகவும் எழுத்தர்களாகவும் சிப்பாய்களாகவும் போனவர்கள் உண்டு. கூலியாகப் போனவர்களுக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போக ஊரில் எதுவும் இல்லை. சைகோனில் சம்பளம் வாங்கியவர்கள்தான் ஊரில் வீடு கட்டினார்கள், நிலம் வாங்கினார்கள். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1962இல் ஒப்பந்தம் சட்டப்படி நிறைவேறியபோது ஒரு பகுதியினர் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் ‘சொல்தா வீடு’ என்றால் இன்றும் விளங்கும். ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வரும் வீடு, பிள்ளைகள் பிரான்சில் இருக்கும் வீடு, பல நேரம் பூட்டியிருக்கும் வீடு. அக்காவின் கணவர் அப்படியொரு சொல்தாவின் பேரன்.

இல்லாதவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை முன்பு முக்தியார்நாமா என்பார்கள். இப்போது பேச்சில் எல்லாருக்கும் அது ‘பவர்’. அதற்கான சட்டம் 1882இல் வந்தது. சில பிரிவுகளே கொண்ட மிகச் சிறிய சட்டம். அதன் ஐந்தாம் பிரிவைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மணமான பெண், மணமாகாதவளைப் போலவே, தன் சார்பில் செயல்பட ஒருவரை நியமிக்கலாம் என்று அது தனியாகச் சொல்கிறது. தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தன் அதிகாரத்தை இன்னொருவரிடம் கொடுக்கலாம் என்று பெண்ணுக்குச் சட்டம் சொல்லி நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. கொடுக்கும் அளவுக்கு அவள் பெயரில் நிலம் வந்ததோ நேற்றுத்தான்.

ஆணும் பெண்ணும் இருக்கட்டும், இங்கே நிலத்தைப் ‘பார்த்துக்கொள்வது’ சாதியோடும் கட்டப்பட்டது. 1916இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆய்வு செய்யவைத்தார். அவற்றில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. 1930களிலும், பிறகு 1961, 1981, 2008 ஆண்டுகளிலும் வேறு வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போனார்கள். ஒரு பெரிய நிலக்காரக் குடும்பமும் அதைச் சார்ந்து வாழ்ந்த படியாட்களுமாக இருந்த ஊர், நூறாண்டுகளில் மெல்ல மாறியதை அந்த ஆய்வுகளில் தொடர்ந்து வாசிக்கலாம். எங்கள் குடும்பக் கதையும் அதன் சிறிய அளவுதான். தாத்தா காலத்தில் கணக்கு எழுத ஒரு காரியஸ்தர் இருந்தார். வயலுக்குப் படியாட்கள். வீட்டின் பின்கட்டைக் கூட்டுவதற்கும் மாட்டுக்கொட்டில் அள்ளுவதற்கும் காலனியிலிருந்து ஒரு பாட்டி வருவார். அவர் பின்வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, வரவிட்டதில்லை. காரியஸ்தரின் கையெழுத்து இன்னும் எங்கள் வீட்டுப் பழைய ஏட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டியின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவருடைய மருமகள்தான் இன்று முன்கதவுச் சாவியை வைத்திருக்கும் அக்கா.

‘பார்த்துக்கொள்கிறார்’ என்று வழவழப்பாகச் சொல்வதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 1955இல் குத்தகைச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது. உழுபவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று ஆனதும், ஊரில் இல்லாத நிலக்காரர்கள் குத்தகை என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. ரசீது இல்லை. “சும்மா பாத்துக்கிறான்” என்பதுதான் ஏற்பாடு. நிலத்தில் விளைவதில் பங்கு உண்டு, ஆனால் அதைப் பங்கு என்று சொல்லக் கூடாது.

1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாகுபடியாளர் யார் என்ற விளக்கமும் கவனிக்க வேண்டியது. தன் உடல் உழைப்பையோ தன் குடும்பத்தாரின் உழைப்பையோ நிலத்தில் செலுத்துபவர் என்கிறது அது. அதாவது மனைவி நாற்று நட்டாலும் களை எடுத்தாலும் கணவன் சாகுபடியாளராக முடியும். பதிவேட்டில் ஏறும்போது அவன் பெயர் ஏறும்.

எழுதாத ஏற்பாட்டுக்கும் துணியாதவர்கள் சவுக்கு வைத்தார்கள். திண்டிவனம், மரக்காணம் பக்கம் போகும்போது சாலையோரம் வரிசை பிடித்து நிற்கும் சவுக்குத் தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் கணிசமானவை ஊரில் இல்லாதவர்களுடையவை. முதல் ஆண்டு தண்ணீர் காட்டிவிட்டால் போதும். நான்கைந்து ஆண்டு கழித்து காகித ஆலைக்கோ சாரக்கம்புக்கோ மொத்தமாக வெட்டி விற்கலாம். குத்தகைக்காரர் வேண்டாம், தினமும் பார்க்க வேண்டாம். அதே நிலத்தில் மணிலா போட்டிருந்தால் விதைப்பு, களையெடுப்பு, பிடுங்கல், காய் ஆய்தல் என்று பருவத்துக்குப் பருவம் பெண்களுக்கு வேலை இருந்திருக்கும். சவுக்கு வெட்டும் வேலை ஆண்களுக்கு, அதுவும் வியாபாரி வெளியூரிலிருந்து கூட்டிவரும் ஆண்களுக்கு. அக்காவின் இரண்டு ஏக்கர் எழுபது சென்ட்டில் சவுக்கு வந்தபோது வேலை இழந்தவர்களில் இப்போது அதே நிலத்தைப் படம் எடுத்து அனுப்புபவரும் ஒருவர்.

இனி அக்காவின் கதை. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகள்களுக்கு அது கிடையாது. 1992இல் மணமான அக்காவுக்குக் கிடைத்தது. 1987இல் மணமான அவளுடைய மூத்தவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இடையில் ஒரு தேதி. பெரியப்பா 1996இல் இறந்தார். 1998 பாகப்பிரிவினையில் வீடும் இந்த நிலமும் அக்காவுக்கு, மற்றது தம்பிக்கு. 2003இல் பெரியம்மாவும் போனபின் வீடு பூட்டப்பட்டது. காலனி அக்கா வாரம் ஒருமுறை திறந்து கூட்டுவார் என்று ஏற்பாடு. விழுப்புரத்தில் இருந்த தம்பி மேற்பார்வை.

2009இல் அக்கா தம்பிக்குப் பவர் எழுதிக்கொடுத்தாள். பாரீஸ் இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்பினாள். வெளிநாட்டில் எழுதிய பவரை, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். தம்பி அதைச் சரியாகச் செய்தார். வாசகம் வழக்கமானதுதான்: சொத்தைப் பராமரிக்க, வரி கட்ட, வழக்கு நடத்த, தேவைப்பட்டால் விற்க. இந்த நான்காவது சொல்லை அக்கா படித்தாளா என்று கேட்டேன். “ஆவண எழுத்தர் எழுதினதுதானே, எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்கன்னு சொன்னான்” என்றாள்.

நம்பிக்கைச் சிக்கல் முதலில் வெடித்தது தம்பியிடம் அல்ல. 2017இல் ஒரு மின்கணக்கில். பூட்டிய வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஐந்து பத்து யூனிட்டுக்கு மேல் ஓடாது. முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பதால் யாரும் கணக்கைப் பார்ப்பதுமில்லை. அந்த முறை 140 காட்டியது. அதே மாதம் அக்காவுக்கு வந்த கூடத்துப் படத்தில் காலண்டர் முந்தைய மாதத்துத் தேதியைக் காட்டியது. பழைய படத்தையே திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். உடனே முடிவு கட்டப்பட்டது: வேலைக்காரி குடும்பத்தோடு வந்து தங்குகிறாள். தம்பியும் “நான் அப்பவே சொன்னேன்” என்றார். ஒரு மாதச் சம்பளம் நிறுத்தப்பட்டது. எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அவரிடம் நேரில் போய்க் கேட்கவில்லை. நானும்தான்.

அடுத்த ஆண்டு அக்கா நிலத்தை விற்க நினைத்தாள். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்தாலும் வாரிசாக வந்த விவசாய நிலத்தை அவள் வைத்திருக்கலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். அதற்காக வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோது 2014இல் ஒரு கிரையப் பத்திரம் இருந்தது. சாலையை ஒட்டிய 40 சென்ட். விற்றவர்: அக்கா, அவருடைய பவர் ஏஜென்ட் மூலமாக. பட்டாவில் 1 ஹெக்டேர் 9 ஏர் இருந்த பரப்பு 93 ஏராகக் குறைந்து, சர்வே எண்ணுக்கு உட்பிரிவு விழுந்திருந்தது. நாற்கர சாலைக்குப் பிறகு நிலத்தில் விலைபோகும் பகுதியே அந்தச் சாலை முகம்தான்.

நான் கிளம்பிப் போனேன். காலனி அக்காவிடம் 2014இல் யாராவது அளக்க வந்தார்களா என்று கேட்டேன். “வந்தாங்களே டீச்சர். சங்கிலி போட்டு அளந்தாங்க, கல்லு நட்டாங்க. தம்பிகிட்ட சொன்னேன். தெரியும் போன்னு சொன்னாரு” என்றார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். “எங்கிட்ட உங்க நம்பரே இல்லியே. எனக்குச் சம்பளம் குடுக்குறது அவரு. யாருகிட்ட சொல்லணும்?” 140 யூனிட்டும் தெளிவானது. சவுக்கு வெட்ட வந்த ஆட்களை ஒரு மாதம் வீட்டில் தங்கவைத்தது தம்பி. அந்த நாட்களில் சாவியும் அவரிடம். பழைய படத்தை அனுப்பியதும் அவரே. அக்கா மாதம் 2,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தாள். இவர் கைக்கு வந்தது 800.

பிரான்சிலிருந்து பார்க்கும்போது ஆபத்து எங்கே இருப்பதாகத் தோன்றியது, உண்மையில் எங்கே இருந்தது என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கூடத்தில் படுத்துறங்கக்கூடிய ஒரு பெண்மீது சந்தேகம் இருந்தது. கையெழுத்துப் போடக்கூடிய ஆண்மீது இல்லை. கூடத்தில் படுப்பவரால் நிலத்தை விற்க முடியாது.

வழக்கறிஞர் சொன்னது சுருக்கமானது. பவரில் விற்கும் அதிகாரம் இருந்தது, பவர் அன்று உயிரோடு இருந்தது. ஆகவே வாங்கியவரிடமிருந்து நிலத்தை மீட்பது கடினம். தம்பியிடம் கணக்குக் கேட்கலாம், கணக்குக் காட்டுவது ஏஜென்ட்டின் கடமை. பவரை ரத்து செய்வதற்கும் முறை உண்டு. ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்தால் மட்டும் போதாது. ஏஜென்ட்டுக்கு அது எட்டும்வரை அவரளவிலும், வெளியாளுக்குத் தெரியும்வரை வெளியாள் அளவிலும் பவர் செல்லும். அதனால் ஒப்புகை அட்டையோடு பதிவுத்தபால் அனுப்பினோம், உள்ளூர் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்தோம். கணக்கு விஷயம் பஞ்சாயத்தில் பாதித் தொகையோடு முடிந்தது.

வழக்கறிஞர் எனக்கு ஒரு தீர்ப்பையும் படிக்கக் கொடுத்தார். 2012 மார்ச் 21இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய மரியா மார்கரிடா செக்வெய்ரா ஃபெர்னாண்டஸ் வழக்கின் தீர்ப்பு. கோவாவில் ஒரு சகோதரியின் வீட்டில் பராமரிப்பாளராக இருந்த சகோதரன், வீட்டை விட மறுத்து அவள்மீதே வழக்குப் போட்டார். சகோதரி வென்றாள். எத்தனை பத்தாண்டுகள் இருந்தாலும் பராமரிப்பாளருக்கோ காவல்காரருக்கோ வேலையாளுக்கோ அந்தச் சொத்தில் உரிமை உண்டாகாது என்றது நீதிமன்றம். பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வீடு போய்விடும் என்று ஊரில் பரப்பும் பயத்துக்கு இது பதில். அனுமதியோடு இருப்பவரின் அனுபவம் எதிரிடை அனுபவமாகாது. அக்காவுக்காக மகிழ்ந்தபடியே வாசித்தேன். வாசித்து முடித்தபோது, 2003 முதல் கூட்டிப் பெருக்கும் காலனி அக்காவும் அதே வரியில் இருப்பது தெரிந்தது. சகோதரன் கோரியது வீட்டை. இவர் எதையும் கோரியதில்லை. சட்டம் இருவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறது.

அதன் பிறகு ஏற்பாட்டை மாற்றினோம். பதினான்கு படங்களின் பட்டியல் காலனி அக்காவும் நானும் ஒரு நாள் முழுக்க நடந்து எழுதியது. முன்பு வீடு மட்டுமே படத்தில் இருந்தது, எல்லைக் கற்கள் இல்லை. இப்போது ஒவ்வொரு கல்லும், அதற்குப் பின்னால் அசையாத ஏதாவது ஒன்றும் படத்தில் விழ வேண்டும். பனையோ மின்கம்பமோ. கல் நகர்ந்தால் அப்போதுதான் தெரியும். பூட்டிய வீட்டில் கழிப்பறையின் வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். வற்றினால் நாற்றமும் கரப்பானும் அந்த வழியாக ஏறும். அதனால் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓட்டாவிட்டால் இறுகிவிடும். நிலைக்கதவின் அடியில் விரல் அகல மண்கோடு தெரிந்தால் கரையான். மீட்டர் எண்ணைப் படத்தோடு அவர் வாயாலும் சொல்லி அனுப்புகிறார். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து உதிர்ந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் தங்கும். அவருடைய மகள் கற்றுக்கொடுத்தாள். காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு எடுக்கும் பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. “இன்னாத்துக்கு டீச்சர் வம்பு” என்பார்.

அவர் பார்ப்பதற்கு எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியாததை நான் பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை `tnreginet.gov.in` தளத்தில் வில்லங்கமும், `eservices.tn.gov.in` தளத்தில் பட்டாவின் பரப்பும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தமோ வாய்மொழிக் குத்தகையோ வில்லங்கத்தில் வராது. அது ஊரில் கண் உள்ளவருக்குத்தான் தெரியும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இருவேல்பட்டும் மூழ்கியது, நூறாண்டாக ஆய்வாளர்கள் அளந்த அதே ஊர். எங்களுக்கு இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அக்கா பாரீசிலிருந்து மணிக்கொருமுறை என்னை அழைத்தாள். மூன்றாம் நாள் வந்தவை நான்கே படங்கள். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு நீர்க்கோடு. மாடியில் வேப்பிலை அடைத்திருந்த துவாரம், அடைப்பு எடுத்த பிறகு. மோட்டார் சுவிட்சின்மேல் கட்டிய துணி, யாரும் ஈரத்தோடு போட்டுவிடக் கூடாதென்று. அலமாரி மேல் ஏற்றிவைத்த பெரியம்மாவின் படம். பிறகுதான் தெரிந்தது, காலனியில் அவருடைய வீட்டின் ஒரு பக்கச் சுவர் அந்த இரவே விழுந்துவிட்டது. அதைப் படம் எடுக்க அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தத் தை மாதத்தில் இரண்டு பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதினோம். மாதம் 4,000, வேலை என்ன, எது அவருடைய பொறுப்பல்ல, வெள்ளம் வந்தால் தனிக்கூலி, சம்பளம் யார் வழியாகவும் போகாமல் அவருடைய வங்கிக் கணக்குக்கு. சட்டத்தின் கண்ணில் அவர் வெறும் பராமரிப்பாளர்தான் என்ற வரியையும் வழக்கறிஞர் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். எனக்கு அது உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. அவரிடம் படித்துக் காட்டினேன். வேறென்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு கேட்டார். கிணற்றடிப் புளியமரத்து உலுக்கல் அவருக்கு. அடுத்தது, முன்வாசல் வழியாகத்தான் போவேன் என்று எழுதணும். பின்வாசலால் வந்து போகச் சொல்லி எதிர்வீட்டில் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறார்கள். பதினான்கு படத்தில் முதல் படம் தெருக்கதவு என்பதால், அதைக் காட்டித்தான் இதுவரை சமாளித்திருக்கிறார்: “பாரீசுலேர்ந்து இந்தக் கதவைத்தான் எடுக்கச் சொல்றாங்க, நான் இன்னா பண்றது?”

எழுதினோம். அவர் கையெழுத்துப் போட்டார், பெயருக்கு முன்னால் கணவரின் முதலெழுத்து இல்லாமல் மாமியாரின் முதலெழுத்தை வைத்து. எழுத்தர் அது செல்லாது என்றார். செல்லும், அவர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அதுதான் கையெழுத்து என்றேன். நேற்று சனிக்கிழமை. காலண்டர் படத்தோடு பதினைந்தாவதாக ஒன்று வந்திருந்தது: முறத்தில் புளி, ஓடு நீக்கியது, வெயிலில்.